நாற்பது பெட்டியா, நாற்பது துண்டா?

அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கடைகள் தங்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களிடம் ஆர்டர் போடும்போது யாரும் போனை எடுப்பதில்லை, காகிதமும் அனுப்புவதில்லை. எந்த நேரத்திலோ ஒரு கோப்பு வந்து விழுகிறது. அதைத் திறந்தால் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே எண்களும் எழுத்துகளும் நெருக்கியடித்துக் கிடக்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது கெட்டுப்போன கோப்பு போலத் தோன்றும். தெரிந்தவருக்கு அது சில ஆயிரம் டாலர் வியாபாரம்.

கணினிகளுக்கு இடையே வணிக ஆவணங்களை இப்படிக் கட்டுப்பாடான வடிவில் அனுப்புவதற்கு ‘இடிஐ’ என்று பெயர். இதன் வேர் 1948–49இல் பெர்லின் நகருக்கு விமானங்களில் பொருள் அனுப்பிய காலம்வரை போகிறது. அந்தச் சரக்குகளைக் கணக்கில் வைக்க ஒரே மாதிரியான பட்டியல் முறையை வகுத்த எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க ராணுவத்தவர், பின்னாளில் அதே எண்ணத்தைத் தனியார் தொழிலுக்கும் கொண்டுவந்தார். 1979இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் கீழ் ‘எக்ஸ்12’ குழு உருவானது. அந்தக் குழுவின் கணக்கில் கொள்முதல் ஆர்டருக்கு 850 என்று எண். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘பர்சேஸ் ஆர்டர் வந்ததா?’ என்று கேட்பதைவிட ‘850 வந்ததா?’ என்று கேட்பதுதான் அதிகம்.

உதாரணத்துக்கு ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். கரூரில் நெய்த சமையலறைத் துண்டுகளை நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கில் இருப்பு வைத்து, அங்குள்ள கடைகளுக்கு விற்கிறது. ஒருநாள் அதற்கு இந்த 850 வருகிறது. வெளி உறையாக வரும் முதல், கடைசி வரிகளை விட்டுவிட்டால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்:

```
ST*850*0001~
BEG*00*SA*4500781**20250310~
DTM*037*20250401~
DTM*001*20250415~
N1*ST*DC 12*92*0612~
PO1*1*40*CA*54.00**UP*012345678905~
PO1*2*600*EA*4.75**UP*012345678912~
CTT*2~
SE*9*0001~
```

வரிக்கு வரி படிக்கலாம். BEG வரியில் உள்ள 00, இது புது ஆர்டர் என்கிறது. 4500781 ஆர்டர் எண். கடைசியில் இருப்பது ஆர்டர் தேதி. அடுத்த இரண்டு வரிகளும் தேதிகள்: ஏப்ரல் 1க்கு முன் அனுப்பாதே, ஏப்ரல் 15க்குள் போகாவிட்டால் ஆர்டர் ரத்து. N1 வரி, சரக்கு போய்ச் சேர வேண்டிய இடம். அங்கே முழு முகவரி இல்லை, 0612 என்ற குறியீடு மட்டுமே இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள 92, ‘இது வாங்குபவர் தாமே கொடுத்த குறியீடு’ என்று சொல்கிறது. PO1 என்று தொடங்கும் ஒவ்வொரு வரியும் ஒரு பொருள்: வரிசை எண், அளவு, அலகு, விலை, பிறகு யூபிசி என்ற பன்னிரண்டு இலக்கப் பட்டைக் குறியீட்டு எண்.

படிப்பது இவ்வளவு எளிது என்றால் சிக்கல் எங்கே? வாங்குபவரின் மொழியில் வந்த இந்த ஆர்டரை விற்பவரின் கணக்கில் விற்பனை ஆர்டராக மாற்றும் இடத்தில்தான். அது வாங்குபவரின் குறியீடு, அவர் நினைக்கும் விலை, அவருடைய அலகு. விற்பவரின் கணினியில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் இருக்கலாம், வேறு மதிப்பும் இருக்கலாம்.

முதல் சோதனை கோப்பு முழுதாக வந்ததா என்பது. CTT வரி பொருள் வரிகள் இரண்டு என்கிறது, எண்ணினால் இரண்டு. SE வரி, ST முதல் தன்னையும் சேர்த்து ஒன்பது வரிகள் என்கிறது, அதுவும் சரி. பாதியில் அறுந்த கோப்பு இங்கேயே பிடிபட்டுவிடும்.

அடுத்தது, இதே ஆர்டர் முன்பே வந்ததா என்பது. வெளி உறையில் ஒன்பது இலக்கக் கட்டுப்பாட்டு எண் ஒன்று இருக்கும். அதே எண் மறுபடி வந்தால் அதே கோப்பு இரண்டாம் முறை வந்திருக்கிறது என்று அறியலாம். ஆனால் வாங்குபவர் தம் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று அதே ஆர்டரைப் புது உறையில் போட்டு அனுப்பினால் கட்டுப்பாட்டு எண் வேறாகிவிடும். முதல் சோதனையை அது சாதாரணமாகக் கடந்து போகும். ஆகவே வாங்குபவர், ஆர்டர் எண் இரண்டையும் சேர்த்துத் தனியாக ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். ஆர்டர் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு கடைகள் ஒரே எண்ணைப் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை.

பிறகு முகவரி. 0612 என்றால் எந்த ஊர்க் கிடங்கு என்பதை விற்பவர் தம் அட்டவணையில் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். வாங்குபவர் புதிதாக ஒரு கிடங்கு திறந்து, சொல்ல மறந்துவிட்டால் அந்தக் குறியீடு அட்டவணையில் இருக்காது. அப்போது மென்பொருள் என்ன செய்கிறது என்பதை வைத்தே அதை எழுதியவரின் அனுபவத்தை எடை போட்டுவிடலாம். குறியீடு கிடைக்காவிட்டால் தலைமை அலுவலக முகவரியைப் போட்டுக்கொள் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. வேலை தடைபடாமல் ஓடும்; சரக்கும் தடைபடாமல் தப்பான ஊருக்குப் போகும். அந்த ஆர்டரை நிறுத்திவைத்து ஒரு மனிதரிடம் காட்டுவதுதான் சரி.

குறியீடுகளைப் பற்றி இன்னொன்று. 0612, 012345678905 இரண்டும் பூஜ்யத்தில் தொடங்குகின்றன. யாராவது இந்தக் கோப்பை எக்செலில் திறந்து சேமித்தால் அந்தப் பூஜ்யம் பெரும்பாலும் காணாமல் போகும். பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகும். பொருள் ‘இல்லை’ என்று பதில் வரும். பார்க்க எண் மாதிரி இருந்தாலும் இவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எழுத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் விஷமமான இடம் அலகு. முதல் பொருள் வரியில் 40க்குப் பக்கத்தில் CA என்று இருக்கிறது: பெட்டி. இரண்டாவதில் EA: தனித் துண்டு. நம் கம்பெனி தன் கணக்கில் எல்லாவற்றையும் துண்டாகவே வைத்திருக்கிறது. ஒரு பெட்டிக்கு 12 துண்டு. ஆக 40 பெட்டி என்பது 480 துண்டு. விலையும் பெட்டிக்கு 54 டாலர் என்பதால் துண்டுக்கு 4.50 ஆக வேண்டும். இரண்டையும் மாற்றினால் 480 × 4.50 = 2,160 டாலர்.

அளவை மட்டும் மாற்றி விலையை மறந்துவிட்டால் 480 × 54 = 25,920 டாலர். இந்தத் தவறு ஆபத்தில்லாதது. தொகையைப் பார்த்த யாருக்கும் கண்ணில் குத்தும். இரண்டையும் மாற்றாமல் விட்டுவிட்டால்? 40 × 54 = அதே 2,160 டாலர். மொத்தம் அச்சொட்டாகச் சரியாக இருக்கும், கிடங்கிலிருந்து போவதோ 40 துண்டு. மொத்தத் தொகையை ஒப்பிட்டுத் திருப்தி அடைகிற சோதனை இதை ஒருநாளும் கண்டுபிடிக்காது. துண்டு ஒன்றின் விலை 54 டாலரா என்று விற்பவரின் விலைப்பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டால்தான் சிக்கும்.

சில வாங்குபவர்கள் அளவைப் பெட்டியிலும் விலையைத் துண்டுக்கும் தருவார்கள். அதைச் சொல்லவே விலைக்கு அடுத்து ஒரு இடம் இருக்கிறது. அங்கே PE என்று வந்தால் விலை ஒரு துண்டுக்கு. நம் உதாரணத்தில் அந்த இடம் காலி, இரண்டு நட்சத்திரங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. காலியாக இருந்தால் என்ன பொருள் என்பதை வாங்குபவர் கொடுக்கும் வழிகாட்டிக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். தரம் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு பெரிய கடைக்கும் ஒரு கையேடு இருப்பது இதனால்தான்.

இரண்டாவது வரியில் பூதம் வேறு. 600 துண்டு, தலா 4.75. கம்பெனியின் பட்டியலில் ஏப்ரல் 1 முதல் விலை 5.10, மார்ச் 31 வரை 4.75. ஆர்டர் தேதி மார்ச் 10, சரக்கு கிளம்புவது ஏப்ரலில். எந்த விலை செல்லும்? இதற்குக் கணினியில் விடை இல்லை. இருவரும் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆர்டர் தேதி விலையா, அனுப்பும் தேதி விலையா என்று அங்கே எழுதியிருந்தால் அதை விதியாக மென்பொருளில் ஏற்றலாம். அனுப்பும் தேதி என்று வைத்துக்கொள்வோம். அப்போது வித்தியாசம் துண்டுக்கு 35 சென்ட், 600 துண்டுக்கு 210 டாலர்.

இந்த இடத்தில் ஆர்டரைத் தூக்கி எறிவதும் தவறு, வந்த விலையை அப்படியே ஏற்பதும் தவறு, பட்டியல் விலையைச் சத்தமில்லாமல் போட்டுக்கொள்வது அதைவிடத் தவறு. பிந்தையதைச் செய்தால் இன்வாய்ஸ் ஆர்டரோடு பொருந்தாது. வாங்குபவரின் கணக்குப் பிரிவு பணத்தைப் பிடித்துவைக்கும், சிலர் அபராதமும் கழிப்பார்கள். விற்பனை ஆர்டரை உருவாக்கி, அந்த வரியை மட்டும் நிறுத்திவைத்து, கோப்பில் வந்த விலை, பட்டியல் விலை இரண்டையும் அருகருகே காட்டுவதே நடைமுறை. ஒரு சென்ட், அரை சென்ட் வித்தியாசங்களுக்கு இப்படி நிறுத்தினால் ஊழியர்கள் பார்க்காமலே ‘சரி’ அழுத்தப் பழகிவிடுவார்கள். பெட்டி விலையை 12ஆல் வகுக்கும்போது இத்தகைய சில்லறை வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும். அதனால் சிறிய சலுகை வரம்பு ஒன்றை வைப்பது வழக்கம்.

இனி பதில். 850 வந்ததும் விற்பவரின் கணினி 997 என்ற ரசீதை அனுப்புகிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 997 ‘ஏற்றது’ என்று சொன்னால் கோப்பின் இலக்கணம் சரியாக இருந்தது என்று மட்டுமே பொருள். சரக்கு இருக்கிறது, விலை சம்மதம் என்று அது எதையும் சொல்லவில்லை. அதைச் சொல்வது 855 என்ற வேறு ஆவணம். அதில் ஒவ்வொரு வரிக்கும் பதில் உண்டு: முதல் வரிக்கு IA, அப்படியே ஏற்றோம், இரண்டாவது வரிக்கு IP, ஏற்றோம், விலை மட்டும் மாறியிருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்குள் 855 வர வேண்டும் என்பதும் அந்தந்தக் கடையின் கையேட்டில் இருக்கும்.

வாங்குபவர் 5.10க்குச் சம்மதித்தால் 860 என்ற திருத்த ஆவணம் வரும். இதை 850 போலத் தானாகவே ஏற்றும்படி விடுவதற்குப் பலர் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். விலையைத் திருத்தும்போதே அளவை 600லிருந்து 400ஆக அவர்கள் குறைத்திருக்கலாம். கிடங்கில் இன்னும் யாரும் தொடாத ஆர்டர் என்றால் மாற்றிவிடலாம். 600 துண்டையும் எடுத்துப் பெட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டிய பிறகு என்றால், கணினியில் எண் மாறும், பெட்டிக்குள் இருக்கும் துண்டுகள் மாறாது. அதனால் திருத்தம் வந்தவுடன் மென்பொருள் முதலில் பார்க்க வேண்டியது சரக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை. எடுக்கத் தொடங்கியிருந்தால் திருத்தத்தை ஏற்றாமல் நிறுத்தி, கிடங்குக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.