நாளை வகுப்பு இல்லை என்றால் எந்த நாள்?

செவ்வாய்க்கிழமை இரவு பத்தேகாலுக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் யோகா குழுவில் வாட்ஸ்அப் செய்தி வருகிறது: “தவிர்க்க முடியாத காரணத்தால் நாளை வகுப்பு இல்லை.” குழுவில் முப்பது பேர். பாதிப் பேர் அதற்குள் தூங்கிவிட்டார்கள். அவர்களில் சிலர் புதன் காலை ஐந்தரைக்குப் போனைத் திறந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு நாளை என்பது வியாழன். எனவே புதன்கிழமை பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள். வியாழன் வகுப்பு நடக்கிறது. அன்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஒரு நாள் விடுமுறை இவர்களுக்கு இரண்டு நாளாகிவிடுகிறது.

மாஸ்டர் வரவில்லை என்பது பெரிய விஷயமில்லை. அவருக்கும் காய்ச்சல் வரும், ஊரில் துக்கம் நடக்கும், வண்டி பஞ்சராகும். அதைச் சொல்லும் விதத்தில்தான் சண்டை பிறக்கிறது. குடியிருப்புச் சங்கங்களின் மாதாந்திரக் கூட்டத்தில் தண்ணீர் லாரிக்கும் வாகன நிறுத்தத்துக்கும் அடுத்தபடியாக நான் கேட்ட புகார், “வகுப்பு இல்லைன்னு யாருமே சொல்லலையே சார்” என்பதுதான். சொல்லியிருப்பார்கள். அது போய்ச் சேர்ந்திருக்காது.

காலை ஆறு மணி யோகா வகுப்பு ஒரு மணி நேர வேலை மட்டும் அல்ல. வெறும் வயிற்றில் செய்ய வேண்டும் என்பதால் காபிகூடக் குடிக்காமல் வருகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் மாத்திரையையும் சாப்பாட்டையும் வகுப்பு முடியும் நேரத்துக்கு ஏற்ப வைத்திருப்பார். வேலைக்குப் போகும் பெண் காய்கறியை முந்தின இரவே நறுக்கி வைத்துவிட்டு வருவார். அந்த ஏற்பாடெல்லாம் முந்தின இரவு எட்டு, எட்டரைக்குள் நடப்பது. அதனால் அறிவிப்பும் அதற்குள் வந்துவிட்டால் நல்லது. காலை ஐந்து ஐம்பதுக்கு வருவதை அறிவிப்பு என்று சொல்ல முடியாது, தகவல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனால் காய்ச்சல் மணி பார்த்து வராது. நள்ளிரவில் உடம்பு கொதிக்கத் தொடங்கினால் மாஸ்டர் என்ன செய்வார்? அதற்குத்தான் இரண்டாவது ஏற்பாடு. குழுவில் செய்தி போட்ட கையோடு, காலையில் போனைப் பார்க்காமலே கிளம்பிவிடும் நாலைந்து பேரை நேரில் அழைத்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும். வாட்ச்மேனிடமும் சொல்லிவைக்க வேண்டும். வாசலில் நின்று “மாஸ்டர் இன்னிக்கு வரலையாம் அம்மா” என்று அவர் சொல்வதைவிட உறுதியான அறிவிப்பு இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அரங்கின் கதவில் ஒரு தாளும் ஒட்டிவிட்டால் முடிந்தது.

யார் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வாட்ஸ்அப்பிலேயே வழி இருக்கிறது. குழுவில் தான் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைத் திறந்தால், படித்தவர்கள் தனியாகவும் சென்று சேர்ந்தும் படிக்காதவர்கள் தனியாகவும் தெரிவார்கள். படித்ததைக் காட்டும் நீலக் குறியை அணைத்து வைத்திருப்பவர்கள்கூடக் குழுச் செய்தியில் இந்தப் பட்டியலுக்குத் தப்ப முடியாது. இரவு ஒன்பதுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்து, மிச்சமிருப்பவர்களுக்குப் போன் போட்டால் போதும்.

இனி வாசகத்துக்கு வருவோம். மேலே சொன்ன குடியிருப்பில் திங்கள் முதல் சனி வரை காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் வகுப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2026 பிப்ரவரி 11, புதன்கிழமை மாஸ்டரால் வர இயலாது. அறிவிப்பு இப்படி இருக்கலாம்:

“பிப்ரவரி 11, புதன்: காலை 6 மணி, மாலை 6 மணி யோகா வகுப்புகள் இரண்டும் இல்லை. ஆசிரியருக்கு உடல்நலமில்லை. பிப்ரவரி 12, வியாழன் வகுப்பு உண்டா இல்லையா என்பதைப் புதன் இரவு 8 மணிக்குள் தெரிவிப்போம். விடுபட்ட வகுப்புகள் பிப்ரவரி 22, ஞாயிறு அன்று அதே நேரங்களில் நடக்கும். – செயலாளர்.”

முதல் வரியிலேயே தேதி, கிழமை, நேரம் மூன்றும் வந்துவிடுகின்றன. போனில் மேலே ஒரு வரி மட்டும் தெரிந்தாலும் விஷயம் புரியும். மாலை வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், “சாயந்தரம் உண்டா?” என்று பத்துப் பேர் கேட்பார்கள், பதினோராவது ஆள் கேட்காமலே வந்து நிற்பார். வியாழன் பற்றிய வாக்கியம்தான் இதில் பலரும் விட்டுவிடுவது. மாஸ்டர் எப்போது தேறுவார் என்று யாருக்கும் தெரியாதபோது, அடுத்த செய்தி எப்போது வரும் என்பதையாவது சொல்லலாம். அது சொல்லப்பட்டுவிட்டால் நடுவில் யாரும் நச்சரிக்க மாட்டார்கள். கீழே ஒரு பெயரோ பொறுப்போ இருப்பதும் அவசியம். ஒரு குழுவில் ஒருவர் “ரத்து” என்றும் இன்னொருவர் “இல்லை, நடக்குது” என்றும் எழுதினால் எதை நம்புவது?

காரணம் எவ்வளவு சொல்லலாம்? ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்பது எதையோ மறைப்பதுபோலத் தொனிக்கும். அந்த இடத்தை வதந்தி நிரப்பிவிடும். அதற்காக மாஸ்டரின் ரத்தப் பரிசோதனை முடிவைக் குழுவில் போடவும் கூடாது. உடல்நலமில்லை, குடும்பத்தில் அவசரம், வெளியூர்ப் பயணம் என்ற அளவு போதும். அதற்கு மேல் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல யோகா ஆசிரியர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வகுப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. வராவிட்டால் காசு இல்லை. அதனாலேயே சளியும் இருமலுமாக வந்து நிற்பவர்கள் உண்டு. ஜன்னல் அடைத்த ஏசி அறையில் இருபது பேர் சேர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யும் இடத்துக்கு ஃப்ளூ காய்ச்சலோடு ஒருவர் வருவதைவிட, வகுப்பை ரத்து செய்வதே சரி. ஆண்டுக்குச் சில நாள் ஊதியத்தோடு நோய் விடுப்பு கொடுக்கும் சங்கங்கள் அந்தக் கஷ்டத்தைக் குறைக்கின்றன.

ரத்து செய்யாமல் வேறொருவரைக் கூப்பிடலாமே என்று தோன்றும். கூப்பிடலாம். புது ஆளுக்கு ஆசனங்கள் தெரிந்திருப்பது மட்டும் போதாது, வகுப்பில் இருப்பவர்களையும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது வரிசையில் நிற்பவருக்கு ரத்தக் கொதிப்பு, பக்கத்தில் இருப்பவருக்குக் கண் அழுத்த நோய், இன்னொருவர் ஆறு வாரத்துக்கு முன் ஹெர்னியா அறுவை செய்துகொண்டவர் என்பதெல்லாம் வழக்கமான மாஸ்டரின் மனதில் இருக்கும். தலை கீழாக நிற்கும் ஆசனங்கள் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கூட்டுபவை. விவரம் அறியாத ஒருவர் எல்லாரையும் சர்வாங்காசனத்துக்குக் காலைத் தூக்கச் சொன்னால் சிக்கல்தான். எனவே சேரும்போது நிரப்பிய உடல்நலப் படிவங்களின் சுருக்கம் ஒரு பக்கத் தாளாக இருந்து, மாற்று ஆசிரியர் கைக்கு அது போக வேண்டும். அது இல்லாவிட்டால் ரத்தே மேல். மாற்று ஆசிரியரின் தகுதியை அறிய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றளிப்பு வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கலாம்.

“மாஸ்டர் இல்லேன்னா என்ன, நாமளே பண்ணிடலாம்” என்று ஒரு மூத்த மாணவர் முன்வருவதும் நடக்கும். தெரிந்ததைத் தெரிந்த அளவில் செய்தால் தவறில்லை. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் தளர்த்தும் பயிற்சிகள், தாடாசனம், மூச்சை அடக்காமல் செய்யும் நாடி சுத்தி, கடைசியில் சவாசனம் என்று முடித்துக்கொள்ளலாம். ஜூன் 21 சர்வதேச யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்டிருக்கும் 45 நிமிடப் பொதுப் பயிற்சி முறை இதற்குக் கைகொடுக்கும். அதில் சிரசாசனம் கிடையாது. கபாலபாதி உண்டு, அதை ரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ளவர்கள் அன்று விட்டுவிடுவது நல்லது. முதன்முறையாக ஓர் ஆசனத்தை முயல்வதற்கு ஆசிரியர் இல்லாத நாள் ஏற்றதல்ல.

அடுத்தது காசு. பிப்ரவரி 2026-இல் நான்கு ஞாயிறு போக 24 வகுப்புகள். மாதக் கட்டணம் 1,800 ரூபாய் என்றால் ஒரு வகுப்புக்கு 75 ரூபாய். எழுபத்தைந்து ரூபாய்க்கு யாரும் வழக்காட மாட்டார்கள். ஆனால் ஒரு மாதத்தில் ஆறு நாள் விட்டுப்போனால் 450 ரூபாய், கால்பங்குக் கட்டணம். ஈடு வகுப்பு வைத்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ ஊருக்கோ போகிறவருக்கு ஈடு வகுப்பால் பயனில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு நாள் என்றால் ஈடு வகுப்பு, அதற்கு மேல் போனால் அடுத்த மாதக் கட்டணத்தில் கழிவு என்று வைத்துக்கொள்வது என் பார்வையில் நியாயமான முறை. இதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். மாஸ்டர் படுத்த பிறகு எழுதும் விதியை யாரும் மதிப்பதில்லை.

ஜிம்களில் கதை சற்று வேறு. அங்கே பல பயிற்சியாளர்கள் இருப்பதால் ஒருவர் வராவிட்டாலும் கதவு திறந்திருக்கும். தனிப்பட்ட பயிற்சியாளருக்கென்று தனியாகப் பணம் கட்டியவர்தான் மாட்டிக்கொள்வார். உறுப்பினர் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொன்னால் அந்த அமர்வைக் கழித்துவிடும் விதி பல ஜிம்களில் உண்டு. பயிற்சியாளர் கடைசி நேரத்தில் வராவிட்டால் என்ன ஆகும் என்ற வரி அதே படிவத்தில் இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். இல்லையென்றால் எழுதித்தரச் சொல்லுங்கள்.

ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டிய பிறகு வாரக்கணக்கில் வகுப்பே நடக்காமல், பணமும் திரும்ப வராமல் போனால் அது சட்டப்படி சேவைக் குறைபாடு. குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லியிருக்காவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்; மாவட்ட ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. அங்கே பேசப்போவது ரசீதும் தேதியிட்ட ரத்து அறிவிப்புகளும்தான் என்பதால் அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

கடைசியாக உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்ற அறிவிப்பு வந்ததும், அதற்குக் கீழே முப்பது பேரும் கைகூப்பிய படத்தோடு “சீக்கிரம் குணமாக வேண்டுகிறோம்” என்று போட்டுவிடாதீர்கள். தாமதமாகப் பார்ப்பவர் கண்ணில் வாழ்த்துகள்தான் படும், அறிவிப்பு மேலே போய்விடும். மாஸ்டருக்குத் தனியாக அனுப்புங்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும்.