மூன்றாமவர் கையில் விழும் மதிப்பெண்

100 மதிப்பெண் முதுகலைத் தேர்வுத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு 50 வேண்டும். முதல் திருத்துநர் 40 போட்டிருக்கிறார், இரண்டாமவர் 60. இருவருமே அனுபவசாலிகள், இருவர் கையிலும் ஒரே விடைக்குறிப்பு. மாணவர் தேறினாரா இல்லையா?

கட்டுரை வடிவ விடைகளில் இப்படி நடப்பது புதிதல்ல. அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளின் படிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 60-களிலிருந்து 90-களின் கடைசி வரை மதிப்பெண்கள் சிதறிக் கிடந்தன. அந்த ஆய்வு வெளியானது 1912-இல்.

இதற்கான மருந்துதான் இரட்டை மதிப்பீடு. இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள இடைவெளி ஒரு வரம்புக்குள் இருந்தால் சராசரி எடுத்து முடித்துவிடுவார்கள். தாண்டினால் தாள் மூன்றாமவரிடம் போகும். நம்மூர்ப் பல்கலைக்கழக விதிகளில் அடிக்கடி கண்ணில் படும் வரம்பு 15 விழுக்காடு. 46-ம் 60-ம் வந்தால் வித்தியாசம் 14, முடிவு 53. 45-ம் 60-ம் வந்தால்? விதியில் ‘15-க்கு மேல்’ என்றிருக்கிறதா, ‘15-ம் அதற்கு மேலும்’ என்றிருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

வரம்பை ஏன் 5 என்று இறுக்கிப் பிடிக்கக் கூடாது? திருத்துநர் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் 5 மதிப்பெண் திட்டவிலக்கத்தில் ஏறி இறங்கும் என்று வைத்துக்கொண்டால், யார் மீதும் தவறில்லாமலே 100 தாள்களில் மூன்று நான்கு தாள்கள் 15-ஐத் தாண்டிவிடும். வரம்பை 10 ஆக்கினால் அது 15, 16 தாளாகிவிடும். 5 ஆக்கினால் ஏறக்குறைய பாதித் தாள்கள் மூன்றாமவர் மேசையில் குவியும். அத்தனைக்கும் ஆள் கிடைக்காது, தேர்வு முடிவும் தள்ளிப்போகும்.

நம் தாளில் வித்தியாசம் 20. மூன்றாமவரைத் தேடுமுன் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. கடைசியில் கட்டியிருந்த கூடுதல் தாளில் ஒரு 12 மதிப்பெண் விடை இருந்து, அதை ஒருவர் பார்க்காமலே விட்டிருக்கலாம். கூட்டலிலும் பிழை நேரும். இதெல்லாம் கருத்து வேறுபாடே இல்லை, கவனக்குறைவு.

அப்படி எதுவும் இல்லையென்றால் தாள் டம்மி நம்பரோடு மூன்றாமவரிடம் போகிறது. முந்தைய இரண்டு மதிப்பெண்களும் அவர் கண்ணில் படக் கூடாது. 40, 60 என்று தெரிந்துவிட்டால் யாருக்குமே கை 50-க்குத்தான் போகும். ஒரு முகாமில் மூன்றாம் மதிப்பெண்கள் திரும்பத் திரும்பச் சரிபாதியிலேயே விழுந்தால், எங்கோ பழைய மதிப்பெண் கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

மூன்றாம் மதிப்பெண் வந்த பிறகு என்ன செய்வது? பலர் நியாயம் என்று நினைப்பது, ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டின் சராசரியை எடுப்பது. விலகி நிற்கும் மதிப்பெண் கழிந்துவிடும் என்பது அதன் தர்க்கம். நம் தாளுக்கு மூன்றாமவர் 51 போட்டால் 60-தான் பக்கத்தில் இருக்கிறது, முடிவு 55.5, மாணவர் தேர்ச்சி. அவரே 49 போட்டிருந்தால் 40 பக்கத்தில் வந்துவிடும்; முடிவு 44.5, தோல்வி. மூன்றாமவர் பேனா இரண்டு மதிப்பெண் அசைந்ததற்கு முடிவு 11 மதிப்பெண் சரிகிறது. சரியாக 50 போட்டாலோ இரண்டு பக்கமும் சம தூரம். அதற்கென்று தனி விதி எழுதி வைக்காவிட்டால் அலுவலகம் திண்டாடும்.

மூன்றின் சராசரியை எடுத்தால் இந்தச் சரிவு இல்லை. 51 போட்டால் 50.3, 49 போட்டால் 49.7. ஆனால் 40 உண்மையிலேயே தவறாகப் போட்டதென்றால் அந்தத் தவறும் கணக்கில் தங்கிவிடும். அதிகமான இரண்டை எடுத்தால் 55.5 அல்லது 54.5, மாணவருக்குச் சாதகம்தான், ஆனால் மூன்றாமவரிடம் போகாத தாள்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இரண்டு திருத்துநர்களும் 49 போட்ட மாணவர் தோற்றே நிற்பார். என்னைக் கேட்டால், மூன்றாமவர் மூத்த திருத்துநராகவும் பழைய மதிப்பெண் தெரியாதவராகவும் இருந்தால் அவர் போட்டதே முடிவு என்று வைப்பது எளிது, வெளிப்படையும்கூட. அவரும் தவறலாம்தான், ஆனால் 2 மதிப்பெண் தவறு 2 மதிப்பெண்ணோடு நிற்கும்.

இந்த விதிகள் எதிலும் சிக்காத தவறு ஒன்று உண்டு. ஒரு திருத்துநர் எல்லாத் தாளுக்கும் எட்டு மதிப்பெண் குறைத்தே போடுகிறார் என்றால், பெரும்பாலான தாள்களில் வித்தியாசம் 15-ஐத் தொடாது. அந்தத் தாள்களில் சராசரியில் ஒவ்வொரு மாணவரும் நான்கு மதிப்பெண் இழப்பார், மூன்றாமவருக்கு வேலையே வராது. கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர் திருத்திய கட்டு முழுவதையும் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் முதல் மதிப்பெண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பார்க்க வேண்டும். விடை ஏறக்குறைய எல்லாத் தாளிலும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், மறுமதிப்பீட்டுக்குப் போக வேண்டியது அந்தக் கட்டு முழுவதும்.