வாணம் வானத்தில், வெளிச்சம் சுவரில்

2008 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு, பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவை டி.வி.யில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். ராட்சதப் பாதச்சுவடு வடிவில் வாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துக்கொண்டே, நகரத்தின் மேல் நடந்து, 'பறவைக்கூடு' மைதானத்தை நோக்கி வந்தன. மொத்தம் 29 சுவடுகள். சில நாட்களில் விஷயம் வெளியே வந்தது. வாணங்கள் நிஜமாகவே விடப்பட்டன, ஆனால் டி.வி.யில் ஓடிய 55 விநாடிக் காட்சியில் கடைசிச் சுவடு தவிர மற்ற எல்லாம் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் செய்து வைத்தவை. ஏறக்குறைய ஒரு வருட வேலை. அந்தக் குழு வானிலைத் துறையிடம் கேட்டு, அன்றிரவு வானில் எவ்வளவு மூட்டம் இருக்கும் என்று தெரிந்துகொண்டு அதையும் காட்சியில் கலந்ததாம்.

பூவும் பொறியும் வரைந்தவர்களுக்கு மூட்டத்தைப் பற்றி ஏன் இத்தனை கவலை? வாணம் என்பது ஒரு விளக்கு. அது வெடித்தால் சுற்றியிருக்கும் காற்றும் புகையும் சுவரும் கொஞ்சமாவது ஒளிர வேண்டும். ஒளிராவிட்டால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவருக்கும் 'ஒட்டிவைத்த படம்' என்று கண் சொல்லிவிடும்.

தீபாவளி, புத்தாண்டு நெருங்கினால் ஸ்டுடியோக்களிலும் டி.டி.பி. கடைகளிலும் இந்த வேலை நிறைய வரும். இரவு நகரப் படம் ஒன்று, கறுப்பு வானில் எடுத்த வாணப் படம் ஒன்று. இரண்டையும் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்கு, சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தை இரவில் எடுத்த படம் ஒன்று கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வலப்பக்கம், சற்று முன்னால், ஒரு சிவப்பு வாணம் விரிய வேண்டும்.

முதல் வேலை சுலபம். வாணப் படத்தை நகரப் படத்தின் மேல் தனி லேயராக வைத்து, லேயர் பட்டியலின் மேலே Normal என்று இருப்பதை Screen என்று மாற்றினால் போதும். கறுப்பு மறைந்து பொறிகள் மட்டும் நிற்கும். ஃபோட்டோஷாப், இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் இரண்டிலும் இது உண்டு. கத்தரித்து எடுக்க முயல்பவர்கள்தான் பாவம். முடியை விட மெல்லிய பொறிக்கோடுகளை யாராலும் கத்தரிக்க முடியாது.

கறுப்பு எங்கே போகிறது? ஒரே திரையில் இரண்டு புரொஜெக்டர்கள் படம் காட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் கறுப்பாக இருக்கும் இடத்தில் அது ஒளி எதையும் அனுப்புவதில்லை. அங்கே மற்றதன் படம் அப்படியே தெரியும். ஸ்கிரீன் முறை செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் வைத்துக்கொண்டால், கீழ்ப் படத்தின் புள்ளி a, மேல் படத்தின் புள்ளி b என்றால், கணக்கு இது:

```
255 - (255 - a) * (255 - b) / 255
```

b சுழியானால் விடை a தான். b எவ்வளவு பெரிதானாலும் விடை 255ஐத் தாண்டாது. வெறுமனே கூட்டியிருந்தால் 100ம் 200ம் சேர்ந்து 300 ஆகி, வெள்ளைத் திட்டாக வெந்துபோயிருக்கும். இந்தக் கணக்கில் 222 வருகிறது. பொறியின் நிறம் பிழைக்கிறது.

சிக்கல் b சுழியாக இல்லாதபோது வருகிறது. கேமராவில் எடுத்த எந்த வாணப் படத்திலும் வானம் சுத்தக் கறுப்பாக இருப்பதில்லை. புகை, தெருவிளக்கு வெளிச்சம், கேமராவின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து அது 15 அளவில் நிற்கும். கண்ணுக்குக் கறுப்புதான். சென்னை வானத்தின் அளவு 30 என்றால், அதன் மேல் இந்த 15ஐ ஸ்கிரீனில் போட்டதும் 43 ஆகிவிடும். வாணப் படம் முடியும் இடத்தில் 43, அதற்கு வெளியே 30. வானத்தில் ஒரு செவ்வகம் லேசாகத் தெரியும். செய்தவரின் மானிட்டரில் தெரியாது. வெளிச்சம் கூட்டிவைத்த செல்போனில் வாட்ஸ்அப்பில் திறப்பவருக்குப் பளிச்சென்று தெரியும்.

மருந்து இருக்கிறது. வாண லேயருக்கு மட்டும் Levels போட்டு, இடது ஓரத்துக் கறுப்பு முக்கோணத்தை 20 பக்கம் வரை நகர்த்தினால் 15 எல்லாம் சுழியாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் Alt விசையை அழுத்திக்கொண்டே அதை நகர்த்தினால் எது எது கறுப்பாகிறது என்று திரையிலேயே தெரியும். இழுப்பதிலும் அளவு வேண்டும். புகை முழுவதையும் கொன்றுவிட்டால் பொறிகள் காற்றே இல்லாத இடத்தில் தொங்குவது போல ஆகிவிடும். வெடித்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் புகை இருக்கட்டும். படத்தின் விளிம்புகளை மட்டும் மாஸ்க் போட்டு மென்மையாகக் கறுப்பில் கரைத்துவிட்டால் செவ்வகம் போய்விடும்.

அடுத்தது அளவு. வாண ஷெல்லின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 அடி உயரம் போகும் என்பது வாணவேடிக்கைத் தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. 6 அங்குல ஷெல் என்றால் 600 அடி. 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. பெரிய வாணவேடிக்கையின் ஷெல் என்றால் கட்டடத்தின் மூன்று மடங்குக்கும் மேலே போய்த்தான் விரியும். மொட்டை மாடியை உரசுவது போல வைத்தால், அது பக்கத்துத் தெருவில் யாரோ விட்ட சின்ன வெடி. அதற்கேற்ற சிறிய பூவாகத்தான் இருக்க வேண்டும். வாழ்த்து அட்டைகளில் பலவும் இந்த இடத்திலேயே பொய்யாகிவிடுகின்றன. வாணம் கட்டடத்துக்குப் பின்னால் விரிவதாக வைத்தால் இன்னொரு வேலையும் உண்டு: கட்டடத்தின் வடிவை மாஸ்க்கில் மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கிரீன் முறை பொறிகளைச் சுவரின் மேலும் கொண்டுவந்து போட்டுவிடும்.

இனி வெளிச்சம். இதற்கு ஒரு நல்ல குறுக்கு வழி உண்டு. வாண லேயரையே நகல் எடுத்து, Gaussian Blur கொடுத்துப் பொறிகள் எல்லாம் கரைந்து ஒரே நிறப் புகையாகும்வரை மங்கலாக்க வேண்டும். நாலாயிரம் பிக்சல் அகலப் படத்துக்கு 150 பிக்சல் அளவில் தொடங்கிப் பார்க்கலாம். அதையும் ஸ்கிரீனில் வைத்து, ஒப்பாசிட்டியை 15 சதவீதம் அளவுக்குக் குறைத்தால் வாணத்தைச் சுற்றிய காற்று லேசாகச் சிவக்கும். நிறத்தைத் தேட வேண்டியதில்லை. வாணத்தின் நிறமே வந்துவிடுகிறது. பிரஷ்ஷால் பூசுகிறவர்கள் நிறம் எடுக்கும்போது நடுவை விட்டுவிட்டு ஓரத்துப் பொறிகளில் எடுக்க வேண்டும். நடுப்பகுதி கேமராவில் அளவு மீறி வெந்து வெள்ளையாகத்தான் பதிந்திருக்கும். ஸ்ட்ரான்ஷியம் உப்பு தரும் சிவப்பு ஓரத்தில்தான் தப்பியிருக்கும்.

காற்றுக்குச் சரியாக இருக்கும் இந்த ஸ்கிரீன் முறை சுவருக்குச் சரியாக வராது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கட்டடத்தில் ஓர் இருண்ட ஜன்னல் 5, சுவர் 60 என்று வைத்துக்கொள்வோம். 40 அளவு வெளிச்சத்தை ஸ்கிரீனில் போட்டால் ஜன்னல் 44 ஆகிறது, சுவர் 91 ஆகிறது. பன்னிரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கிவிட்டது. விளக்கணைத்த அறையின் ஜன்னலும் சுவரோடு சேர்ந்து வெளுத்து, கட்டடத்துக்கு முன்னால் யாரோ மெல்லிய துணியைத் தொங்கவிட்டது போல ஆகிவிடும்.

நிஜத்தில் சுவர் தன்மேல் விழும் ஒளியைத் தன் நிறத்துக்கு ஏற்பத் திருப்பி அனுப்பும். வெள்ளைச் சுவர் நிறைய, கறுத்த பொந்து கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதை ஒட்டி நடப்பது Color Dodge என்ற முறை. அதே 40ஐ அதில் போட்டால் சுவர் 71 ஆகும், ஜன்னல் 6இல் நிற்கும். இருட்டு இருட்டாகவே இருந்து சுவர் மட்டும் சிவக்கிறது. எனவே மங்கலாக்கிய நகலை இரண்டாகப் பிரிப்பது நல்லது: வானத்துக்கும் புகைக்கும் ஸ்கிரீனில் ஒன்று, மாஸ்க் போட்டுச் சுவர்களுக்கு மட்டும் கலர் டாட்ஜில் இன்னொன்று. இது சட்டென்று முறுக்கிக்கொள்ளும் முறை என்பதால், ஏற்கெனவே விளக்கு எரியும் ஜன்னல்களை மாஸ்க்கில் மறைத்துவிட வேண்டும்; மறந்தால் அவை தீப்பிடித்ததுபோல வெடிக்கும்.

எந்தச் சுவருக்கு? இங்கேதான் கைதேர்ந்தவர்களும் கோட்டை விடுகிறார்கள். வாணம் கட்டடத்துக்குப் பின்னால் விரிந்தால், நம்மைப் பார்க்கும் சுவர் அதன் நிழலில் இருக்கிறது. அந்தச் சுவரைச் சிவப்பாக்கினால் தெருவில் இன்னொரு விளக்கு எரிவதாக அர்த்தம். பின்னால் விரியும் வாணத்துக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு, பக்கச் சுவர்களில் சாய்வாக ஒரு தடவல், அவ்வளவே. நம் உதாரணத்தில் வாணம் வலப்பக்கம் முன்னால் இருப்பதால் வலது சுவர் அதிகமாகவும், முன்சுவர் வலது ஓரத்திலிருந்து இடதுபக்கம் போகப் போகக் குறைந்தும் சிவக்கும். ஜன்னல் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடுகளின் மேற்பக்கம் ஒளிரும், அடிப்பக்கம் இருளும்.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிறது. பக்கத்துக் கட்டடத்தில் 16 சதவீத ஒப்பாசிட்டி கொடுத்திருந்தால், அதைப்போல் இரு மடங்கு தள்ளி நிற்கும் கட்டடத்துக்கு 4 போதும். அதற்கும் அப்பால் இருப்பவற்றைத் தொடவே வேண்டாம். கண்ணாடி முகப்புள்ள புதிய கட்டடங்கள் மட்டும் தனி ரகம். அவற்றில் பரவலான சிவப்பு விழாது. வாணத்தின் பிம்பமே துண்டு துண்டாக, கண்ணாடிக்குக் கண்ணாடி சற்று விலகித் தெரியும். அங்கே வாண லேயரையே இடவலம் திருப்பி, சிறிதாக்கி, மங்கலாக வைப்பதுதான் நியாயம்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. வாண லேயரை மட்டும் கண் அடையாளத்தைத் தட்டி மறைத்துவிட்டு, வெளிச்ச லேயர்களை விட்டுவைத்துப் பாருங்கள். வெறும் வானத்தின் கீழ் நிற்கும் கட்டடத்தைப் பார்த்தே, வாணம் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று பக்கத்தில் இருப்பவர் கை காட்டினால் படம் சரி. 'இந்தக் கட்டடம் ஏன் சிவப்பா இருக்கு?' என்று கேட்டால் வெளிச்சம் அதிகம். ஒப்பாசிட்டியைப் பாதியாக்கி மறுபடி பார்க்க வேண்டும்.

வாழ்த்து அட்டைக்கும் காலண்டருக்கும் இவ்வளவு போதும். அதே படத்தைச் செய்தியோடு சேர்த்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர்கள், படக்குறிப்பில் 'இரண்டு படங்களை இணைத்தது' என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும்.