மிடி எண்ணுக்குச் சுரப் பெயர்

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் மிடி முறையில் கணினிக்குப் போவது ஓசை அல்ல, 0 முதல் 127 வரையிலான ஓர் எண். 1983-இல் நடைமுறைக்கு வந்த இந்த முறையில் பியானோவின் நடுவே உள்ள C, அதாவது மிடில் சி, 60. அடுத்த கட்டை கறுப்போ வெள்ளையோ, ஒவ்வொன்றுக்கும் எண் ஒன்று கூடும். இசை வகுப்பில் மாணவர் கையில் 65, 67, 69, 70, 72, 74, 76, 77 என்ற பட்டியலைக் கொடுத்தால் அதைப் பார்த்து வாசிக்க முடியாது, பெயர்கள் வேண்டும்.

ஓர் ஆக்டேவில் 12 கட்டைகள். ஆகவே எண்ணை 12-ஆல் வகுத்தால் போதும். மீதி சுரத்தைச் சொல்லும்: 0 என்றால் C, 1 என்றால் C#, இப்படியே 11 என்றால் B. ஈவிலிருந்து 1-ஐக் கழித்தால் ஆக்டேவ். 65-ஐ வகுத்தால் ஈவு 5, மீதி 5. மீதி 5 என்பது F, ஆக்டேவ் 4. எனவே 65 என்பது F4. 72-க்கு ஈவு 6, மீதி 0, அது C5. ஆக்டேவ் எண் மாறுவது A-யில் அல்ல, C-யில். B4-க்கு அடுத்த கட்டை C5.

பட்டியல் நீளமாக இருந்தால் பைத்தானில் மூன்று வரி போதும்:

```python
names = "C C# D D# E F F# G G# A A# B".split()
for n in [65, 67, 69, 70, 72, 74, 76, 77]:
    print(n, names[n % 12] + str(n // 12 - 1))
```

வருவது F4, G4, A4, A#4, C5, D5, E5, F5. கணக்கில் பிழையில்லை, ஆனால் இசை ஆசிரியர் நாலாவது பெயரை அடித்துத் திருத்துவார். இது F மேஜர் ஸ்கேல். ஸ்கேலில் ஏழு எழுத்தும் ஒவ்வொரு முறை வர வேண்டும். இங்கே A இருமுறை வருகிறது, B வரவே இல்லை. 70-ஐ Bb4 என்று எழுதுவதே முறை. கட்டை ஒன்றுதான், ஓசையும் ஒன்றுதான். எந்தப் பெயர் பொருந்தும் என்பதை எண் சொல்லாது, பாட்டின் ஸ்கேல்தான் சொல்லும். ஃபிளாட் ஸ்கேல்களுக்கு Db, Eb, Gb, Ab, Bb கொண்ட இன்னொரு பெயர் வரிசையை வைத்துக்கொண்டால் பெரும்பாலான வகுப்புப் பாடங்களுக்குப் போதும்.

இன்னொரு குழப்பம் ஆக்டேவ் எண்ணில். மிடி விதிகள் எண்ணை வரையறுக்கின்றனவே தவிர, ஆக்டேவுக்குப் பெயர் வைக்கவில்லை. அதனால் 60-ஐச் சிலர் C4 என்கிறார்கள். யமஹா கருவிகள் C3 என்று காட்டும். அத்தகைய கருவிக்கு ஈவிலிருந்து 2-ஐக் கழிக்க வேண்டும். எல்லாப் பெயர்களும் ஒரே அளவில் ஓர் ஆக்டேவ் தள்ளி நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். வகுப்பு மென்பொருளில் 60-ஐ ஒருமுறை ஒலிக்கவிட்டு, திரையில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

10-ஆம் சேனலில் வரும் எண்களை மட்டும் மாற்றாமல் விட்டுவிட வேண்டும். ஜெனரல் மிடி முறையில் அது தாள வாத்தியங்களுக்கு உரியது. அங்கே 38 என்பது D2 அல்ல, ஸ்னேர் டிரம்.