நியூயார்க்கில் பொங்கல் எப்போது தொடங்குகிறது?

2026இல் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை வந்தது. மறுநாள் வெள்ளி திருவள்ளுவர் தினம், சனி உழவர் திருநாள், பிறகு ஞாயிறு. சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள் குழு இதை நியூயார்க்கிலுள்ள வாடிக்கையாளருக்கு, “வியாழன், வெள்ளி எங்களுக்கு விடுமுறை” என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டு நாள்தானே என்று அவர் நினைப்பார். உண்மையில் அவர் இழப்பது கிட்டத்தட்ட ஒரு வாரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிர்காலத்தில் நியூயார்க் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. போகியன்று, அதாவது புதன்கிழமை மாலை ஆறரைக்குச் சென்னையில் கணினியை மூடும்போது அங்கே புதன் காலை எட்டு மணி. அவர் காபியோடு வந்து உட்காரும் நேரத்தில் இங்கே பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள். ஆக, அவருக்கு விடுமுறை வியாழனில் தொடங்கவில்லை, புதன் காலையிலேயே தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை சென்னை திரும்பினால், அது ஜனவரியின் மூன்றாவது திங்கள். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. இருவரும் நிதானமாகப் பேசக் கடைசி வாய்ப்பு 13ஆம் தேதி செவ்வாய், அடுத்தது 20ஆம் தேதி செவ்வாய். 16ஆம் தேதி வெளியீடு என்று திட்டத்தில் குறித்திருந்தால், அதை 8ஆம் தேதிக்கு முன்னால் இழுக்க வேண்டும் அல்லது 22க்குத் தள்ள வேண்டும். 13ஆம் தேதி வெளியிட்டுவிட்டு ஊருக்குப் போவதுதான் மிக மோசமான தேர்வு. பிழை தலைகாட்டுவது பெரும்பாலும் அடுத்த ஓரிரு நாளில்தான். அப்போது பார்க்க ஆள் இருக்காது.

தேதியை மட்டும் சொன்னால் இந்த வேகம் புரியாது. அமெரிக்கர்களுக்கு நவம்பரின் நான்காவது வியாழனை நினைவூட்டலாம். நன்றி நவிலும் நாள் அவர்களுக்கும் அறுவடையை ஒட்டி வந்த திருநாள்தான். முந்தைய புதன்கிழமையே விமான நிலையங்கள் நிரம்பி வழியும், வெள்ளியன்று வேலையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. “உங்களுக்கு அந்தப் புதன் எப்படியோ, எங்களுக்குப் போகி அப்படி” என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. சென்னைக் குழுவில் பலருக்கும் சொந்த ஊர் மதுரைக்கோ நெல்லைக்கோ அப்பால் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. ரயிலில் 60 நாள் முன்பே முன்பதிவு செய்தவர் கடைசி நேரத்தில் பயணத்தைத் தள்ளிவைக்க முடியாது.

விடுமுறைப் பட்டியலில் இல்லாத நாளும் காணாமல் போகும். 2025இல் பொங்கல் செவ்வாயன்று வந்தது, வியாழன்வரை விடுமுறை. இடையில் நின்ற வெள்ளி, ஜனவரி 17ஐயும் தமிழக அரசு விடுமுறையாக அறிவித்து, ஈடாக 25ஆம் தேதி சனிக்கிழமையை வேலைநாளாக்கியது. தனியார் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் பள்ளி மூடியிருக்கிறது என்றதும் பெற்றோரின் விடுப்பு விண்ணப்பங்கள் வந்து குவியும். அதனால் வெளிநாட்டுக்கு அனுப்பும் அட்டவணையில் அலுவலகம் மூடும் நாள், ஆள் குறையும் நாள் என்று இரண்டு நிறங்கள் வேண்டும்.

தேதிகளின் உறுதியும் ஒன்றுபோல் இல்லை. பொங்கல் சூரியனின் கணக்கு, ஜனவரி 14 அல்லது 15. தீபாவளி நிலவின் கணக்கு. ஆண்டுதோறும் நகர்ந்தாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ரம்ஜான் பெருநாளோ பிறை தெரிவதைப் பொறுத்தது. 2024இல் கேரளம் ஏப்ரல் 10 அன்றும் தமிழகம் 11 அன்றும் கொண்டாடின. அதற்கு ஒரே தேதியைக் குறிக்காமல் இரண்டு நாளையும் ஒதுக்கி வைப்பதுதான் நேர்மை.

அப்படியானால் பொங்கல் நாள்களில் பணியை யார் பார்ப்பது? “இந்தியாவில் வேறு கிளை இருக்கிறதே” என்று வெளிநாட்டு மேலாளர் கேட்பது இயல்பு. பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் கை நீட்டினால் அங்கே சங்கராந்தி. கேரளத்திலும் கவனம் வேண்டும்: தமிழர்கள் கணிசமாக வாழும் திருவனந்தபுரம், பாலக்காடு உள்ளிட்ட ஆறு மாவட்டங்களுக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை உண்டு. கொச்சி இருக்கும் எர்ணாகுளம் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே கொச்சிக் குழுவோடு கைமாற்று ஏற்பாடு நன்றாகப் பொருந்தும்: தையில் அவர்கள் அவசர அழைப்புகளை எடுப்பார்கள், ஓணத்துக்குச் சென்னை எடுக்கும். ஆனால் பெயர் மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. சர்வர் கடவு அனுமதி, எந்தப் பிழைக்கு யாரை எழுப்பலாம் என்ற குறிப்பு, ஒரு மாலை முழுக்கச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த ஒத்திகை, இவை மூன்றும் டிசம்பர் இருபதுக்குள் முடிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு நியூயார்க்கில் கிறிஸ்துமஸ் விடுமுறை. அனுமதி வழங்க அங்கே ஆள் இருக்காது.