மதிய உணவுக்கு ஒரு குறிப்பு

மாணவர்களே, கடிதம், விண்ணப்பம், அழைப்பிதழ் ஆகியவற்றை முந்தைய பாடங்களில் எழுதிப் பழகினீர்கள். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நாள்தோறும் எழுதப்படும் மற்றொரு வகை உண்டு. உடன் பணிபுரிவோருக்கு ஒரு செய்தியைச் சொல்லி, அவர்களிடமிருந்து ஒரு விடையைப் பெறுவதற்காக எழுதப்படும் சிறு குறிப்பே அது. பலருக்கும் சேர்த்து மதிய உணவு வரவழைப்பதற்கான குறிப்பை இப்பாடத்திற்கு எடுத்துக்கொண்டேன். அதனை நானே ஒருமுறை பிழையாக எழுதியிருக்கிறேன் என்பதே காரணம்.

தில்லியில் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்று நடந்தது. வாடகைக் கூடம் ஒன்றில் இருபத்து நான்கு பேர் கூடியிருந்தோம். பஞ்சாப், வங்காளம், குஜராத், கேரளம் எனப் பல மாநிலத்தவரும் இருந்தனர். உணவு ஏற்பாடு என் பொறுப்பில் விடப்பட்டது. நான் எழுதிய குறிப்பு மூன்றே தொடர்களைக் கொண்டது: "நாளை மதிய உணவு வரவழைக்கப்படும். சைவமா, அசைவமா எனத் தெரிவிக்கவும். தலைக்கு 200 ரூபாய்." பதினேழு பேர் சைவம் என்றனர், ஏழு பேர் அசைவம் என்றனர். எண்ணிக்கையை உணவகத்திற்குச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் பெட்டிகளைத் திறந்தபோதுதான் என் குறிப்பின் குறை தெரிந்தது. சைவப் பெட்டியில் சோறு, சப்பாத்தி, பருப்பு, உருளைக்கிழங்கும் பட்டாணியும் சேர்ந்த கறி, தயிர் ஆகியவை இருந்தன. சமண சமயத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் பருப்பை முகர்ந்துவிட்டு மூடி வைத்தார். அதில் வெங்காயமும் பூண்டும் இருந்தன. உருளைக்கிழங்கையும் அவர் உண்பதில்லை. அது நவராத்திரிக் காலம். நோன்பிருந்த இருவர் சோற்றையும் சப்பாத்தியையும் தொடவே இயலாமல், தயிரை மட்டும் உண்டு எழுந்தனர். இசுலாமிய நண்பர் ஒருவர் சைவப் பெட்டியை வாங்கியிருந்தார். இறைச்சி ஹலால் முறையில் வந்ததா என்று கேட்கத் தயங்கியே அவ்வாறு சொன்னதாகப் பின்னர் அறிந்தேன்.

துன்பம் அத்துடன் முடியவில்லை. பெட்டியின் விலை 200 ரூபாய் என்று உணவகத்தார் சொன்னதைக் கொண்டே தலைக்கு 200 என எழுதியிருந்தேன். ஆனால் பெட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் பொதிகட்டணமும், மொத்தத்தின் மீது 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியும், உணவைக் கொண்டுவந்த ஆட்டோவுக்கு 150 ரூபாயும் சேர்ந்தன. ஆக 5,442 ரூபாய் ஆயிற்று. கையில் இருந்தது 4,800. ஒவ்வொருவரிடமும் இன்னும் 27 ரூபாய் கேட்டு நடந்தேன். பசியோடு அமர்ந்திருந்த அம்மூவரிடமும் கேட்க வேண்டியதாயிற்று.

எங்கே பிழைத்தேன்? "சைவமா, அசைவமா" என்னும் வினாவில்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த நமக்குச் சைவ உணவு என்றால் புலால் இல்லாத உணவு. வெங்காய சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் அதில் அடங்கும். சமணர்க்கு அவ்வாறன்று. நிலத்தடியில் விளைவதைப் பிடுங்கினால் செடி முழுவதும் மடியும், மண்ணில் வாழும் சிற்றுயிர்களும் மடியும் என்று கருதி, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி போன்றவற்றை அவர்களுள் பலர் விலக்குவர். வடநாட்டில் நவராத்திரி நோன்பிருப்போர் அரிசி, கோதுமை, பருப்பு ஆகியவற்றை விலக்குவர். ஜவ்வரிசிக் கிச்சடி, குட்டு மாவில் சுட்ட பூரி, உருளைக்கிழங்குக் கறி, பழம், பால் ஆகியன அவர்களுக்கு ஏற்றவை. உப்பும் சாதாரண உப்பன்று, இந்துப்பே சேர்ப்பர். ஒருவருக்கு விலக்கான உருளைக்கிழங்கு மற்றொருவருக்கு நோன்பு உணவாவதைப் பாருங்கள்! இருவருமே என் குறிப்பில் "சைவம்" என்னும் ஒரே சொல்லுக்குள் மறைந்துவிட்டனர். பொட்டலங்களில் நீங்கள் காணும் பச்சைப் புள்ளியும் இப்படித்தான். இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பதை மட்டுமே அது சொல்லும். பூண்டு உண்டா என்று சொல்லாது.

ஆகவே "என்ன வேண்டும்" என்று கேட்பதைவிட "எதை உண்ணமாட்டீர்கள்" என்று கேட்பதே பொருத்தம். வேண்டுவதைச் சொல்லப் பலர் கூச்சப்படுவர். தம்மால் பிறர்க்குத் தொல்லை வேண்டாம் என்று எண்ணுவர். உண்ணாததைக் கேட்டால் தயக்கமின்றிச் சொல்லிவிடுவர்.

அடுத்த ஆண்டும் நவராத்திரியின்போதே பயிற்சி வந்தது. பொறுப்பும் என்னிடமே வந்தது. இம்முறை உணவகத்தாரிடம் விலையையும் மற்றக் கட்டணங்களையும் முதலில் கேட்டு அறிந்தபின்னரே குறிப்பை எழுதினேன். இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அக்குறிப்பு தமிழில் இவ்வாறு அமையும்:

மதிப்பிற்குரிய உடன்பணியாளர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை நண்பகல் 1 மணிக்கு நம் இருபத்து நால்வருக்கும் மதிய உணவு வரவழைக்கப்படும். வரி, பொதிகட்டணம், வண்டிக் கூலி அனைத்தும் உட்படத் தலைக்கு 200 ரூபாய். இதற்கு மேல் கேட்கப்படமாட்டாது. மீதம் இருப்பின் திருப்பித் தரப்படும்.

தாங்கள் உண்ணாதவற்றை இத்தாளில் தங்கள் பெயருக்கு எதிரே எழுதுமாறு வேண்டுகிறேன். இறைச்சி, மீன், முட்டை, வெங்காயம், பூண்டு, கிழங்கு வகைகள், நோன்பு காரணமாகத் தானியங்கள் என எதுவாயினும் எழுதலாம். காரணம் எழுத வேண்டியதில்லை. ஏதேனும் உணவினால் உடலுக்கு ஒவ்வாமை ஏற்படுமாயின் என்னிடம் தனியே சொல்லுங்கள். கோழி இறைச்சி ஹலால் முறையிலானது என்று உணவகத்தார் உறுதி கூறியுள்ளனர். மீன் உணவு இத்தொகைக்குள் அடங்காது.

புதன்கிழமை மாலை 4 மணிக்குள் எழுதாதவர்களுக்கு வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத சமணர் உணவு சொல்லப்படும்.

அன்புடன்,
தமிழாசிரியர்

இக்குறிப்பின் இறுதிப் பகுதியை ஒருமுறை உற்று நோக்குங்கள். விடை தராதவர்கள் எக்குழுவிலும் சிலர் இருப்பர். அவர்களுக்காகக் காத்திருந்தால் உணவகத்திற்கு எண்ணிக்கை சொல்ல இயலாது. வியாழன் நண்பகலுக்குள் அவர்களுக்கு எண்ணிக்கை வேண்டும். விடை தராதவருக்கு எதைத் தருவது? ஏறத்தாழ அனைவரும் உண்ணக்கூடியது எதுவோ அதுவே தக்கது. புலால் உண்பவரும் சமணர் உணவை உண்ணலாம். சமணர் புலால் உண்ண இயலாது. நோன்பிருப்போருக்கு மட்டும் இது பொருந்தாது. ஆதலால் விடை எழுதாதவரிடம் நோன்பு உண்டா என்று நேரில் கேட்டுக்கொண்டேன். ஒருவர் மட்டுமே எழுதவில்லை. நோன்பில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனிக் கணக்குக்கு வருவோம். 200 ரூபாயும் உணவுக்கே செல்வதில்லை என்பதை முந்தைய ஆண்டு கற்றுக்கொண்டேன். ஆகையால் பின்னோக்கிக் கணக்கிட்டேன். மொத்தம் 4,800 ரூபாய். இதில் வரி இல்லாத ஆட்டோக் கூலி 150 ரூபாயை முதலில் கழித்தால் 4,650. இதனுள் 5 விழுக்காடு வரி அடங்கியிருப்பதால் 1.05 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4,428. பொதிகட்டணம் 240 ரூபாயைக் கழித்தால் 4,188. இருபத்து நால்வருக்குப் பகிர்ந்தால், ஒரு பெட்டி உணவின் விலை சராசரியாக 174 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பது விளங்கும்.

தாளில் எழுதியவற்றைக் கொண்டு பிரித்தபோது, சாதாரண சைவம் பன்னிரண்டு பேருக்கு, விலை 150 ரூபாய். சமணர் உணவு இருவருக்கு, 160. நோன்பு உணவு மூவருக்கு, 190. முட்டைக்கறி மூவருக்கு, 165. கோழிக்கறி நால்வருக்கு, 200 என்று அமைந்தன. நோன்பு உணவும் கோழிக்கறியும் 174ஐத் தாண்டின. இரண்டையும் ஒன்றாக நான் கருதவில்லை. நோன்பிருப்பவர் வேறெதையும் உண்ண இயலாது. எனவே அவருடைய கூடுதல் விலையைக் குழுவின் பொதுத்தொகை ஏற்பதே முறை. கோழிக்கறி விருப்பம் பற்றியது. அதற்காகச் சைவ உணவினர் பணம் தருவது சரியன்று என எண்ணினேன். கோழிக்கறி கேட்ட நால்வரிடமும் இதனைச் சொன்னேன், அவர்கள் ஒப்புக்கொண்டனர். மூன்று துண்டுகளுக்கு மாறாக இரண்டு துண்டுகள் வைத்து 170 ரூபாய்க்குத் தர உணவகத்தார் இசைந்தனர். உணவு 3,865, பொதிகட்டணம் 240, வரி 205, ஆட்டோ 150 எனச் செலவு 4,460 ரூபாய். மீதி 340 ரூபாயில் தலைக்கு 14 ரூபாய் திருப்பித் தந்தேன். எஞ்சிய 4 ரூபாயை என்ன செய்வது என்று அரைமணி நேரம் வேடிக்கைப் பேச்சு நடந்தது.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. சாதாரண சைவம் கேட்டிருந்த இளைய ஆசிரியை ஒருவர் என்னிடம் தனியே வந்து, நிலக்கடலை தமக்கு ஒவ்வாது என்றார்; ஒருமுறை தொண்டை வீங்கி மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்ததாம். அவருடைய பெட்டியில் கடலை இல்லை. ஆயினும் நோன்பினர்க்கான ஜவ்வரிசிக் கிச்சடியில் வறுத்த கடலைப்பொடி சேர்ப்பது வழக்கம். ஒரே கரண்டியால் இரண்டையும் எடுத்தாலும், கடலை எண்ணெயில் சமைத்தாலும் தீங்கு நேரலாம். உணவகத்தாரிடம் தொலைபேசியில் பேசி, அவருடைய உணவை வேறு எண்ணெயில் சமைத்து, முதலில் பொதிந்து மூடிவிடுமாறு கேட்டுக்கொண்டேன். பெட்டிகளின் மீது உணவின் வகையோடு பெயரையும் எழுதச் சொன்னேன். அவை வந்ததும் நோன்புப் பெட்டிகள் மூன்றையும் வேறொரு மேசையில் வைத்தேன்.

அன்று சமண ஆசிரியை தம் பெட்டியைத் திறந்து, பருப்பை முகர்ந்து பார்த்தார். பிறகு சப்பாத்தியைப் பிய்க்கத் தொடங்கினார்.

பயிற்சி: உங்கள் குடியிருப்பில் பொங்கல் நாளன்று பதினாறு குடும்பத்தினர் கூடி உண்ணப் போகின்றனர் எனக் கொள்ளுங்கள். அனைத்தும் உட்படக் குடும்பத்திற்கு 500 ரூபாய். உங்கள் அண்டை வீட்டார் உண்ணாதவை எவை என்று முதலில் கேட்டு அறிந்து, பின்னர் அவர்களுக்குரிய குறிப்பை எழுதுக.