பத்துச் சீட்டு, நான்கு அடுக்கு

1 முதல் 10 வரை எண் எழுதிய சீட்டுகளை நன்றாகக் கலைத்துக் கவிழ்த்து வைத்தாயிற்று. மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பும்போது அவை வரும் வரிசை இது: 5, 2, 8, 6, 9, 3, 7, 10, 4, 1. ஒருவரே தனியாக ஆடும் ஆட்டம். திருப்பிய சீட்டை, அதைவிடப் பெரிய சீட்டு மேலே தெரியும் எந்த அடுக்கிலும் வைக்கலாம். இல்லையென்றால் வலப்பக்கம் புதிதாக ஓர் அடுக்குத் தொடங்கலாம். முடிவில் அடுக்குகளின் எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நல்ல ஆட்டம்.

சீட்டை வைக்க முடிகிற அடுக்குகளில் எப்போதும் இடக்கோடியில் இருப்பதையே தேர்ந்தெடுப்பது என்று ஒருவர் முடிவு செய்துகொள்கிறார். 5 முதல் அடுக்கைத் தொடங்குகிறது. 2 அதன்மேல் போய் அமர்கிறது. 8-ஐ 2-இன் மேல் வைக்க முடியாது. இரண்டாவது அடுக்கு பிறக்கிறது. 6 அந்த 8-இன் மேல் போகிறது. 9 மூன்றாவது அடுக்கைத் தொடங்குகிறது. 3 வரும்போது மேலே தெரிபவை 2, 6, 9. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் 6-தான் முதல் பெரிய எண், 3 அதன்மேல் போகிறது. 7 வந்து 9-இன் மேல் அமர்கிறது. 10-க்கு எங்கும் இடமில்லை, நான்காவது அடுக்கு. பிறகு 4 போய் 7-இன் மேலும், கடைசியாக 1 போய் 2-இன் மேலும் அமர்கின்றன. ஆட்டம் நான்கு அடுக்குகளில் முடிந்தது.

வேறு விதமாக யோசித்து ஆடியிருந்தால் மூன்றில் முடித்திருக்கலாமா? முடியாது. அதை நிரூபிக்க எல்லா வழிகளிலும் ஆடிப் பார்க்கத் தேவையில்லை.

வந்த வரிசையில் 2, 3, 7, 10 ஆகிய நான்கை மட்டும் கவனித்தால் போதும். நடுவே வேறு சீட்டுகள் வந்தாலும் இந்த நான்கும் சிறிதிலிருந்து பெரிதாக, இதே ஒழுங்கில் வந்திருக்கின்றன. ஓர் அடுக்கில் 2 விழுந்துவிட்டால் அதன்மேல் இனி 2-ஐவிடச் சிறிய சீட்டுதான் வரலாம். ஆகவே பின்னால் வரும் 3-க்கு அந்த அடுக்கில் இடமில்லை. அதேபோல 7-க்கு 2, 3 இருக்கும் அடுக்குகளில் இடமில்லை. 10-க்கு மூன்றிலும் இல்லை. எவ்வளவு கெட்டிக்காரர் ஆடினாலும் இந்த நான்கு சீட்டுகளுக்கும் நான்கு தனி அடுக்குகள் வேண்டும்.

ஒரு பட்டியலில் நடுநடுவே சிலவற்றைத் தவிர்த்துவிட்டு, வந்த ஒழுங்கு மாறாமல் பொறுக்கியெடுக்கக்கூடிய மிக நீளமான ஏறுவரிசை எது என்பது கணினியியலில் பழகிய கேள்வி. மேலே சொன்ன வாதம் அந்தக் கேள்வியையும் சீட்டாட்டத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது. எந்த ஏறுவரிசையும் ஓர் அடுக்கிலிருந்து ஒரு சீட்டுக்கு மேல் எடுக்க முடியாது. எனவே அதன் நீளம் அடுக்குகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. இடக்கோடி விதிப்படி ஆடினால் அந்த எண்ணிக்கையும் நீளமும் சரியாகப் பொருந்திவிடும்.

ஏன் பொருந்துகிறது என்பதைப் பார்க்க, ஆடும்போது ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சீட்டை வைக்கும்போதும், அந்த நொடியில் இடப்பக்கத்து அடுக்கின் மேலே எந்தச் சீட்டு தெரிந்தது என்பதே அந்தக் குறிப்பு. அது நிச்சயம் இப்போது வைக்கும் சீட்டைவிடச் சிறியது; பெரியதாக இருந்தால் சீட்டு அங்கேயே போயிருக்கும். அது முன்னதாகவே வந்தும் விட்டது. நம் ஆட்டத்தில் 10-ஐ வைக்கும்போது இடப்பக்கம் தெரிந்தது 7. அந்த 7-ஐ வைக்கும்போது தெரிந்தது 3. 3-ஐ வைக்கும்போது தெரிந்தது 2. பின்னோக்கிப் படித்தால் 2, 3, 7, 10 கையில் கிடைக்கிறது. கடைசி அடுக்கிலிருந்து முதல் அடுக்கு வரை, அடுக்குக்கு ஒன்றாக இப்படி எப்போதும் ஒரு சங்கிலி கிடைக்கும்.

முதல்முறை படிப்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இங்கேதான். ஆட்டம் முடிந்ததும் மேலே தெரியும் சீட்டுகள் 1, 3, 4, 10. பார்வைக்கு அழகான ஏறுவரிசை, நீளமும் சரி. ஆனால் 1 கடைசியாக வந்த சீட்டு. 10 வந்த பிறகுதான் 4 வந்தது. வந்த ஒழுங்கில் இப்படி ஒரு வரிசை கிடையவே கிடையாது. மேற்சீட்டுகள் நீளத்தை மட்டும் சொல்லும். வரிசையைத் தருவது அந்தக் குறிப்புகள்தான். ஒரே எண் இருமுறை வரும் பட்டியலிலும் கவனம் வேண்டும். கண்டிப்பாக ஏறிக்கொண்டே போகும் வரிசை வேண்டுமானால், சமமான எண்ணை அதே எண்ணின் மேல் வைக்க அனுமதிக்க வேண்டும். சமமாக இருந்தாலும் ஏற்கலாம் என்றால், அனுமதிக்கக் கூடாது.

மேற்சீட்டுகள் இடமிருந்து வலமாக எப்போதும் ஏறிக்கொண்டே இருப்பதால் வேறொரு லாபமும் உண்டு. புதுச் சீட்டின் இடத்தைத் தேட முதல் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம். நடு அடுக்கைப் பார்த்து, எந்தப் பாதியில் தேடுவது என்று தீர்மானித்துக்கொண்டே போகலாம். 1000 அடுக்குகள் இருந்தாலும் பத்துப் பார்வையில் இடம் தெரிந்துவிடும். சீட்டுகளை அடுக்கிய பிறகு, மேலே தெரிவனவற்றில் மிகச் சிறியதை எடுப்பதைத் திரும்பத் திரும்பச் செய்தால் முழுக் கட்டும் ஒழுங்காகிவிடும். பேஷன்ஸ் சார்ட்டிங் என்பது அந்த முழு முறைக்கும் பெயர். ஒற்றை ஆள் சீட்டாட்டத்தை பிரிட்டனில் பேஷன்ஸ் என்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் இதை எழுத்தில் கொண்டுவந்த காலின் மேலோஸ், யோசனை ஏ.எஸ்.சி. ராஸ் என்பவருடையது என்று குறிப்பிட்டார்.

அதே காலத்தில் கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் வேறு பக்கமிருந்து இதே இடத்துக்கு வந்தார். நன்றாகக் கலைத்த n எண்களில் மிக நீண்ட ஏறுவரிசை சராசரியாக எவ்வளவு நீளம் இருக்கும்? சிறிய பட்டியல்களைக் கணினியில் சோதித்த அவர், n-இன் வர்க்கமூலத்தைப்போல 1.7 மடங்கு இருக்கலாம் என ஊகித்தார். 1977-இல் அமெரிக்காவில் லோகன், ஷெப் ஆகியோரும், சோவியத் ஒன்றியத்தில் வெர்ஷிக், கெரோவ் ஆகியோரும் வழங்கிய முடிவுகள் அந்த மடங்கு 2 என்று காட்டின. உலாமின் எண் குறைந்ததற்குக் காரணம் இருந்தது. n மிகப் பெரிதாகும்போதுதான் விகிதம் 2-ஐ நெருங்குகிறது. 52 சீட்டுகளுக்கு அந்தச் சூத்திரம் 14-க்கு மேல் சொல்லும்; கட்டைக் கலைத்து உண்மையில் ஆடினால் பெரும்பாலும் 11, 12 அடுக்குகளை ஒட்டித்தான் வரும்.

இன்று இந்த ஆட்டம் சத்தமில்லாமல் நடக்கும் ஓர் இடம், மென்பொருள் எழுதுபவர்கள் தினமும் பயன்படுத்தும் கிட். ஒரு கோப்பின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் என்ன வேறுபாடு என்று காட்ட, `git diff --patience` என்ற கட்டளை அதில் உண்டு. பிட்டோரெண்டை உருவாக்கிய பிராம் கோஹன் வகுத்த முறை அது. இரண்டு வடிவங்களிலும் ஒரே ஒருமுறை வரும் வரிகளை மட்டும் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. பழைய கோப்பில் அவை இருந்த வரிசைப்படி எண் கொடுத்து, அந்த எண்களைப் புதிய கோப்பின் வரிசையில் படிக்கிறது. கலைந்த சீட்டுக்கட்டு தயார். அதன் மிக நீண்ட ஏறுவரிசையில் அகப்படும் வரிகள் இடம் மாறாதவை என்று நங்கூரமாக நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளில் அதே வேலை மறுபடி நடக்கிறது.

நிரலில் `}` என்ற அடைப்புக்குறி மட்டும் உள்ள வரிகள் ஏராளமாக வரும். சாதாரண முறை சில சமயம் ஒரு செயற்கூற்றின் அடைப்பை இன்னொன்றின் அடைப்போடு இணைத்துவிடும். படிப்பவருக்கு மாற்றம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே புரியாது. தனித்த வரிகளைப் பிடித்துக்கொள்ளும் முறையில் அந்தக் குழப்பம் குறைகிறது. ஆனால் இரு வடிவங்களுக்கும் பொதுவான, ஒரே முறை வரும் வரி எதுவும் ஒரு பகுதியில் இல்லையென்றால் அடுக்குவதற்குச் சீட்டே இருக்காது. அப்போது கிட் அந்தப் பகுதிக்குச் சாதாரண முறையையே பயன்படுத்துகிறது.